மாமல்லபுரம் டிக்கெட் 30 ரூபாய் என்று சொல்லும் பக்கம் எந்த ஆண்டுப் பக்கம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். கனடாக் கடவுச்சீட்டோடு அத்தை குடும்பம் வந்தபோது, ஒரு பயணத் தளத்தில் கட்டணத்தைப் பார்த்து வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 250 ரூபாய் என்று கணக்குப் போட்டு, நான்கு பேருக்கு 1,000 ரூபாய் கையில் வைத்திருந்தேன். கவுன்ட்டரில் 2,400 கேட்டார்கள். அன்று போனில் சிக்னலும் சரியாக இல்லை. அத்தை தன் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. அந்தப் பக்கத்தின் அடியில் நடப்பு ஆண்டுதான் போட்டிருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பயணப் பக்கத்தைப் பார்த்தாலும் முதலில் அதன் வயதைக் கணக்கிடுவேன். இதைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் கேட்ட கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

பக்கத்தின் அடியில் இந்த வருஷம் போட்டிருக்கிறதே, அதை நம்பக் கூடாதா?

அடியில் © குறியோடு வரும் ஆண்டை நம்பவே வேண்டாம். பல தளங்களில் அதை யாரும் கையால் மாற்றுவதில்லை. எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான அச்சாக இருக்கும் வார்ப்புருவில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
new Date().getFullYear()
```

பக்கத்தைத் திறக்கும் கருவியில் இன்று என்ன ஆண்டோ அதை எடுத்துப் போடு என்பதுதான் இதன் பொருள். தளத்தை நடத்தியவர் அதைக் கைவிட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தாலும், ஜனவரி 1 அன்று அந்த எண் தானாக மாறிவிடும். எதிர்த் திசையில் மட்டும் இந்த ஆண்டு கொஞ்சம் உதவும். அடியில் 2016 என்று நின்றுபோயிருந்தால், அந்த வார்ப்புருவை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை என்று ஓரளவு சொல்லலாம். அப்போதும் உள்ளே இருக்கும் பக்கங்கள் புதிதாக இருக்க வாய்ப்பு உண்டு.

தலைப்பில் வரும் ஆண்டும் இதே கதைதான். ‘மாமல்லபுரம் சுற்றுலா வழிகாட்டி 2025’ என்று தலைப்பு இருக்கும், உள்ளே ஒரு வரிகூட மாறியிருக்காது. தேடலில் மேலே வர வேண்டும் என்பதற்காக ஆண்டை மட்டும் மாற்றிவிடுகிறார்கள்.

‘கடைசியாகப் புதுப்பித்தது’ என்று தேதியே போட்டிருந்தால்?

அது உதவும், ஆனால் எதைப் புதுப்பித்தார்கள் என்று அந்தத் தேதி சொல்லாது. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தாலும் தேதி மாறும். கட்டணத்தைத் தொடாமல் புதிய விளம்பரம் ஒன்றைச் சேர்த்தாலும் மாறும். சில தளங்களில் எல்லாப் பக்கங்களின் தேதியையும் ஒரே நாளில் மொத்தமாக மாற்றிவிடுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதே தளத்தில் சம்பந்தமே இல்லாத மூன்று பக்கங்களைத் திறந்து பாருங்கள். ஊட்டி, ராமேசுவரம், மாமல்லபுரம் மூன்றுக்கும் ஒரே தேதி இருந்தால் அது பக்கத்தின் தேதி இல்லை, தளத்தின் தேதி. அரசுத் தளங்கள் பலவற்றில் அடியில் வரும் தேதி இப்படித்தான்: எங்கோ ஒரு டெண்டர் அறிவிப்பைப் போட்டாலும் எல்லாப் பக்கங்களின் அடியிலும் அன்றைய தேதி வந்துவிடும். இரண்டு நாள் கழித்துத் திறக்கும்போது தேதியும் இரண்டு நாள் நகர்ந்திருந்தால், அதைப் போடுவது வெறும் கடிகாரம்தான்.

கணினியில் பார்ப்பவர்கள் Ctrl+U அழுத்திப் பக்கத்தின் மூலத்தைத் திறந்து, `datePublished`, `dateModified` என்று தேடலாம். முதலாவது வெளியிட்ட தேதி, இரண்டாவது கடைசியாகச் சேமித்த தேதி. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் புதிய தேதியை மட்டும் காட்டும் பக்கங்களில்கூட, பிறந்த தேதி பெரும்பாலும் உள்ளே பத்திரமாக இருக்கும். 2017இல் வெளியானது, 2025இல் மாற்றியது என்று இரண்டும் சேர்ந்து தெரிந்தால், அந்த எட்டு வருட இடைவெளியில் என்ன மாறியது என்று கேட்கத் தோன்றும். தேதி பார்ப்பதில் எனக்குக் கிடைக்கும் பயன் அந்தக் கேள்விதான்.

பிரவுசரில் கட்டளை அடிக்கும் இடமான கன்சோலில் `document.lastModified` என்று அடித்துப் பார்க்கச் சொல்லும் பழைய குறிப்பு ஒன்று உண்டு. கோப்பாகவே சர்வரில் கிடக்கும் பழைய பாணிப் பக்கங்களுக்கு அது சரியான விடை தரும். வேர்ட்பிரஸ் போன்ற, தளம் நடத்தும் மென்பொருள்களில், கேட்கும் ஒவ்வொரு முறையும் பக்கம் புதிதாகக் கோத்துத் தரப்படுகிறது. சர்வர் திருத்தத் தேதியை அனுப்பாவிட்டால் பிரவுசர் இந்த நிமிடத்தின் நேரத்தையே காட்டும். விடையாக இப்போதைய நேரமே வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தேதியே இல்லாத பக்கம் என்றால் என்ன செய்வது?

படங்களைப் பாருங்கள். வேர்ட்பிரஸ் தளங்களில், ஏற்றிய ஆண்டும் மாதமும் படத்தின் முகவரியிலேயே பதிந்துவிடும். கடற்கரைக் கோயில் படத்தை வலது சொடுக்கிட்டுப் புதிய தாவலில் திறந்தால் முகவரி இப்படி இருக்கும்:

```
/wp-content/uploads/2017/05/
```

2017 மே மாதம் ஏற்றிய படம் அது. பக்கத்தை எழுதியவர் தேதியை மறைக்க நினைத்தாலும் இதை மாற்ற மறந்துவிடுவார். ஒரு பக்கத்தில் ஐந்து படங்கள் இருந்து, ஐந்தும் ஒரே மாதத்தில் ஏற்றியவை என்றால் பக்கம் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் பிறந்திருக்கும். நான்கு 2017இலும் ஒன்று 2023இலும் ஏற்றியவை என்றால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பழைய படத்தைப் புதிய பக்கத்தில் மறுபடி போடுவதும் நடக்கும் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

கட்டணத்தை வைத்துப் பக்கத்தின் வயதை எப்படிச் சொல்வது?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த வழி. தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். விலை, எழுதிய நாளின் சாட்சி. ஒரு கட்டணம் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை நடப்பில் இருந்தது என்று தெரிந்தால், அந்தக் கட்டணத்தைச் சொல்லும் வரி அந்த இடைவெளியில் எழுதப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

மாமல்லபுரத்தையே எடுத்துக்கொள்வோம். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பவை. அங்கே பல வருடங்களாக இந்தியருக்கு 10 ரூபாய், வெளிநாட்டவருக்கு 250 ரூபாய் இருந்தது. 2016 ஏப்ரலில் அது 30, 500 ஆனது. 2018 ஆகஸ்டில் 40, 600 ஆனது. பணமாகக் கொடுக்காமல் ஆன்லைனில் கட்டினால் 35, 550 என்ற சலுகையும் அந்தத் திருத்தத்தோடுதான் வந்தது.

ஆக, 10 ரூபாய் என்று சொல்லும் வரி 2016 ஏப்ரலுக்கு முந்தியது. 30 என்றால் அதற்கும் 2018 ஆகஸ்டுக்கும் இடைப்பட்டது. 40 என்றோ 35 என்றோ சொன்னால் அதற்குப் பிந்தியது. நான் ஏமாந்த பக்கத்தில் 250 என்று இருந்தது, அதாவது 2016 ஏப்ரலுக்கு முந்திய வரி. இந்த மூன்று படிகள் மட்டும் தெரிந்திருந்தால் அடியில் என்ன ஆண்டு இருந்தாலும் நான் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

கட்டணம் மட்டும் இல்லை, நாள் குறித்து மாறிய எந்த விவரமும் இப்படிப் பயன்படும். பயணப் பக்கங்களில் அடிக்கடி கண்ணில் படுவது ரயில் முன்பதிவு. ‘120 நாள் முன்பே டிக்கெட் போட்டுவிடுங்கள்’ என்று எழுதியிருந்தால் அந்த வரி 2024 நவம்பர் 1க்கு முந்தியது, அன்றிலிருந்து அது 60 நாள். மாமல்லபுரம் ‘காஞ்சிபுரம் மாவட்டத்தில்’ இருக்கிறது என்றால் 2019 நவம்பருக்கு முந்தியது, அந்த மாதக் கடைசியில்தான் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. விடுதி வாடகையோடு ‘சேவை வரி தனி’ என்று இருந்தால் 2017 ஜூலை 1க்கு முந்தியது, அன்று ஜிஎஸ்டி வந்துவிட்டது. 7,500 ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு 12% ஜிஎஸ்டி என்றால் 2025 செப்டம்பர் 22க்கு முந்தியது, இப்போது 5%.

ஒரு பக்கத்தை எடுத்து முழுதாகச் செய்து காட்ட முடியுமா?

போன மாதம் தங்கை அனுப்பிய ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். தளத்தின் பெயர் வேண்டாம். தலைப்பில் 2025 இருந்தது, அடியில் © 2025. மூலத்தில் `dateModified` 2025 ஜனவரி. மேலோட்டமாகப் பார்த்தால் புத்தம் புதிய பக்கம்.

முதலில் கட்டணத்தைப் பார்த்தேன். இந்தியருக்கு 30, வெளிநாட்டவருக்கு 500. இது ஒன்றே பக்கத்தை 2016 ஏப்ரலுக்கும் 2018 ஆகஸ்டுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டது. ஏறத்தாழ இரண்டேகால் வருட இடைவெளி. இன்னும் சுருக்க முடியுமா என்று பார்த்தேன்.

படங்களின் முகவரியில் 2017/05. அப்படியானால் 2017 மே மாதத்துக்கு முன் இந்த வடிவில் பக்கம் இருந்திருக்க முடியாது. அடுத்து, தங்கும் விடுதிகள் பகுதியில் 3,000 ரூபாய் அறைக்கு 18% ஜிஎஸ்டி என்று இருந்தது. ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1. 2,500 ரூபாய் முதல் 7,500 ரூபாய் வரையான அறைகளுக்கு முதலில் 18% இருந்து, 2019 அக்டோபர் 1 முதல் 12% ஆனது. எனவே இந்தப் பகுதியை எழுதியது 2017 ஜூலைக்கும் 2019 செப்டம்பருக்கும் நடுவில். இதைக் கட்டணத்தின் இடைவெளியோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்துவது 2017 ஜூலை முதல் 2018 ஆகஸ்ட் வரையான பதின்மூன்று மாதங்கள்தான். மாவட்டம் காஞ்சிபுரம் என்று இருந்ததும் ஒத்துப்போனது.

அப்புறம் லிங்குகள். டிக்கெட் வாங்கும் இடத்துக்கு என்று கொடுத்திருந்த லிங்க் திறக்கவில்லை. பகிர்வதற்கான படக்குறிகளில் பேஸ்புக்குக்குப் பக்கத்தில் கூகுள் பிளஸ் இருந்தது. அது பொதுமக்களுக்கு மூடப்பட்டது 2019 ஏப்ரலில்.

கடைசியாக, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் பக்கத்தின் முகவரியைப் போட்டேன். 2018இல் சேமித்த பிரதியும் 2025இல் சேமித்த பிரதியும் இருந்தன. அங்கேயே Changes என்று ஒரு வசதி உண்டு. இரண்டு பிரதிகளைத் தேர்ந்தெடுத்தால், சேர்த்ததையும் நீக்கியதையும் வேறு வேறு நிறத்தில் காட்டும். ஏழு வருடத்தில் மாறியது தலைப்பில் இருந்த ஆண்டும், ஒரு விடுதி விளம்பரமும். ‘2025 ஜனவரியில் புதுப்பித்தது’ என்றது அதைத்தான்.

இதற்கெல்லாம் கால் மணி நேரம் ஆனது. கட்டணத்தோடு நிறுத்தியிருந்தால் ஒரு நிமிடம்.

அப்படியானால் அந்தப் பக்கத்தை மொத்தமாகத் தள்ளிவிட வேண்டுமா?

வேண்டாம். பக்கம் பழசா புதுசா என்பதைவிட, நமக்கு வேண்டிய விவரம் எவ்வளவு வேகமாக மாறக்கூடியது என்பதுதான் முக்கியம். அதே பக்கத்தில், மாமல்லபுரத்தின் நினைவுச்சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன என்று இருந்தது. அது மாறப்போவதில்லை. ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் நடுவில் நடக்கும் தூரத்தை நன்றாக விளக்கியிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டோம். கட்டணம், நேரம், பேருந்து எண், விடுதி வாடகை, தொலைபேசி எண் ஆகியவற்றை மட்டும் வேறு இடத்தில் பார்த்தோம்.

தங்கை இதைக் கேட்டபோது, “அண்ணா, கட்டணமே தப்பு என்றால் மற்றதை எப்படி நம்புவது?” என்றாள். நியாயமான கேள்விதான். எழுதிய அன்று அந்தக் கட்டணம் சரியாகவே இருந்தது. எழுதியவர் கவனமாகத்தான் எழுதியிருக்கிறார், பிறகு யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. எந்தக் காலத்திலும் நடப்பில் இல்லாத ஒரு தொகை இருந்திருந்தால் நானும் மொத்தப் பக்கத்தையும் ஒதுக்கியிருப்பேன். காலாவதியான விவரம் வேறு, முதலிலிருந்தே தவறான விவரம் வேறு.

பழைய பக்கத்தில் இருக்கும் விலை இன்னும் சரியாக இருக்க முடியாதா?

முடியும். விலை வழியின் எல்லையே இதுதான். சில கட்டணங்கள் பல வருடம் அசையாமல் நிற்கும். 36 பக்கச் சாதாரண கடவுச்சீட்டுக்கான 1,500 ரூபாய் 2012 அக்டோபரில் வந்தது. அந்தத் தொகையைச் சரியாகச் சொல்லும் பக்கம் 2013இல் எழுதியதாகவும் இருக்கலாம். சரியான விலையைப் பார்த்து, பக்கத்தில் சொல்லும் ஆவணப் பட்டியலும் இன்றைக்குரியது என்று எடுத்துக்கொண்டால் அலைச்சல்தான் மிஞ்சும்.

பழைய விலை இருந்தால் பக்கம் பழசு என்று உறுதியாகச் சொல்லலாம். சரியான விலை இருந்தால், கடைசித் திருத்தத்துக்குப் பிறகு எழுதியது என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. எனவே வயது பார்க்க, அடிக்கடி மாறும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாமல்லபுரம் பக்கத்தில் 40 ரூபாய் என்று இருந்தால் அது 2018 இறுதியாகவும் இருக்கலாம், போன வாரமாகவும் இருக்கலாம். அப்போது விடுதி வரி, ரயில் முன்பதிவு நாள், மாவட்டப் பெயர் என்று வேறு விவரங்களுக்குப் போவேன்.

ஒரே பக்கத்தில் இரண்டு காலத்து விலைகள் கலந்திருப்பதும் உண்டு. இந்தியருக்கு 40 என்று திருத்திவிட்டு வெளிநாட்டவருக்கு 250 என்று விட்டுவிட்ட பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். அதை எழுதியவரின் வாசகர்கள் எல்லாரும் இந்தியர்கள், அதனால் தங்களுக்கு வேண்டியதை மட்டும் யாரோ சுட்டிக்காட்டித் திருத்த வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். என் அத்தை போன்றவர்களுக்கு அந்தப் பக்கம் முழுப் பழைய பக்கத்தைவிட ஆபத்தானது, ஏனென்றால் பாதி சரியாக இருப்பதைப் பார்த்து மீதியையும் நம்பிவிடுவோம்.

நாங்கள் இலங்கைக் கடவுச்சீட்டில் வருகிறோம். எந்தக் கட்டணத்தைப் பார்ப்பது?

தொல்லியல் துறைச் சின்னங்களில் சார்க், பிம்ஸ்டெக் என்ற இரண்டு கூட்டமைப்புகளில் உள்ள நாட்டுக் குடிமக்களுக்கு இந்தியருக்கு உள்ள கட்டணம்தான். இலங்கை இரண்டிலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து இலங்கைக் கடவுச்சீட்டோடு வருபவருக்கு 40 ரூபாய். அதே குடும்பத்தில் கனடாவுக்கோ பிரான்சுக்கோ போய் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவருக்கு 600. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ‘வெளிநாட்டவருக்கு’ என்று ஒரே வரியில் எழுதி நிறுத்திவிடும் பக்கங்களில் இந்த விவரம் விடுபட்டிருக்கும். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

இலங்கைத் தளங்களின் விலையைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் அது 360ஐத் தொட்டது. இலங்கை ரூபாயில் வாடகை போட்டிருக்கும் விடுதிப் பக்கம் அதற்கு முந்தியது என்றால், அந்தத் தொகையை வைத்து எந்தக் கணக்கும் போட வேண்டாம், நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

விலையை ரூபாயிலும் டாலரிலும் சேர்த்துப் போட்டிருந்தால் ஏதாவது தெரியுமா?

நன்றாகத் தெரியும். ரூபாயை டாலரால் வகுத்துப் பாருங்கள். 450 ரூபாய் சுமார் 10 டாலர் என்றால் ஒரு டாலருக்கு 45, ஏறத்தாழ 2010 வாக்கில் இருந்த நிலை. 600 ரூபாய் சுமார் 8 டாலர் என்றால் 75, 2020, 2021 பக்கம். 2023இல் அது 82, 83க்குப் போய்விட்டது. எழுதுபவர்கள் டாலரை முழு எண்ணாக்கிப் போடுவதால் துல்லியமான ஆண்டு வராது, முன்னே பின்னே இரண்டு மூன்று வருடம் வைத்துக்கொள்ளலாம்.

உடைந்த லிங்க் ஒன்று இருந்தால் தளம் கைவிடப்பட்டது என்று அர்த்தமா?

ஒன்றை வைத்துச் சொல்ல முடியாது. பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38% பத்து வருடம் கழித்துத் திறக்கவில்லை என்று கண்டார்கள். நன்றாகப் பராமரிக்கும் தளத்திலும் வெளியே போகும் சில லிங்குகள் செத்திருக்கும். அது அந்தத் தளக்காரரின் தவறு இல்லை, ஆனால் அவர் எவ்வளவு அடிக்கடி பார்க்கிறார் என்பதைக் காட்டும்.

எந்த லிங்க் உடைந்திருக்கிறது என்பதைப் பார்ப்பேன். தளத்தின் உள்ளேயே இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்க் உடைந்திருந்தால் அது மோசமான அறிகுறி. தன் வீட்டுக் கதவு திறக்கவில்லை என்று நடத்துபவருக்கே தெரியவில்லை. ‘தொடர்புக்கு’ என்ற பக்கம் திறக்காவிட்டால் நான் அதோடு வெளியே வந்துவிடுவேன். வெளியே போகும் லிங்குகளில், தகவலின் ஆதாரமாக இருப்பது முக்கியம். மாமல்லபுரம் பக்கத்தில் அது டிக்கெட் லிங்க். பழைய பக்கங்களில் `asi.payumoney.com` என்ற முகவரி இருக்கும். பிறகு வந்த பக்கங்களில் `asi.paygov.org.in` இருக்கும். முதலாவதைப் பார்த்தாலே அந்தப் பத்தி பழசு என்று எனக்குத் தெரிந்துவிடும், அழுத்தக்கூடத் தேவையில்லை.

உடைவதிலும் வகை இருக்கிறது. 404 என்று வந்தால் தளம் இருக்கிறது, அந்தப் பக்கம் மட்டும் இல்லை. சர்வரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று பிரவுசர் சொன்னால் முகவரியே போய்விட்டது. ஏமாற்றும் வகை இன்னொன்று: கட்டணப் பக்கத்துக்கான லிங்கை அழுத்தினால் பிழை எதுவும் வராமல் முகப்புப் பக்கம் திறக்கும். பக்கத்தை நீக்கிவிட்டு, இல்லாத எதைக் கேட்டாலும் முகப்புக்கு அனுப்பச் சொல்லியிருப்பார்கள். இணையத் தரங்களை வகுக்கும் W3C தரும் `validator.w3.org/checklink` போன்ற கருவிகள் இதை உடைந்த லிங்க் என்று காட்டாது. ஊர் உணவகம் ஒன்றின் லிங்கை அழுத்தினால் சூதாட்டத் தளம் திறப்பதும் அப்படித்தான்: பழைய முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டு, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். கருவிக்கு அதுவும் ‘திறக்கிறது’. கையால் ஐந்தாறு லிங்குகளை அழுத்திப் பார்ப்பதே எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது.

அரசுத் தள லிங்க் எனக்குத் திறக்கவில்லை, சென்னையில் இருக்கும் தம்பிக்குத் திறக்கிறது. இது உடைந்த லிங்கா?

இல்லை. இந்திய அரசுத் தளங்கள் சில, வெளிநாட்டிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுத்துவைத்திருக்கும். டொரன்டோவிலோ லண்டனிலோ உட்கார்ந்து பார்ப்பவருக்குப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், அல்லது அனுமதி இல்லை என்ற 403 பிழை வரும். உடைந்தது என்று முடிவு செய்வதற்கு முன் இந்தியாவில் இருக்கும் ஒருவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

போனில் மட்டும்தான் பார்க்கிறேன். இதில் எதைச் செய்ய முடியும்?

கட்டணமும் லிங்கும் போனிலேயே பார்க்கலாம். படத்தை அழுத்திப் பிடித்துப் புதிய தாவலில் திறந்தால் முகவரியும் தெரியும். மூலத்தைப் பார்ப்பதுதான் சிரமம். அதற்குப் பதிலாக வேபேக் மெஷினில் பார்க்கலாம், பக்கத்தின் முகவரிக்கு முன்னால் இதைச் சேர்த்து அடியுங்கள்:

```
web.archive.org/web/*/
```

அந்தப் பக்கம் எந்தெந்த நாள் சேமிக்கப்பட்டது என்று நாட்காட்டி வரும். முதல் பிரதியைத் திறந்து கட்டணத்தை மட்டும் பாருங்கள். இன்றைக்கு இருப்பதும் அதே தொகை என்றால் இடையில் யாரும் அதைத் தொடவில்லை. நாட்காட்டியில் நிறையப் புள்ளிகள் இருப்பதை வைத்துத் தளம் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது என்று எண்ணிவிட வேண்டாம். அவை சேமித்த நாட்கள், திருத்திய நாட்கள் அல்ல. சேமிக்கவே விடாத தளங்களும் உண்டு, அவற்றுக்கு நாட்காட்டி காலியாக இருக்கும்.

பழைய கட்டணம் போட்டிருக்கும் தளத்துக்கு எழுதிச் சொன்னால் திருத்துவார்களா?

தங்கை அனுப்பிய பக்கத்துக்கு எழுதினேன். ‘உங்கள் பக்கம் பழசாக இருக்கிறது’ என்று எழுதினால் எதைத் திருத்துவது என்று அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தின் முகவரி, தவறான வரி, சரியான தொகை, அது எப்போது மாறியது, டிக்கெட் சீட்டின் படம் ஆகியவற்றைச் சேர்த்து ஐந்து வரியில் அனுப்பினேன். மூன்று நாளில் நன்றி சொல்லிப் பதில் வந்தது, அடுத்த வாரம் 40, 600 என்று மாறியது. டிக்கெட் லிங்கையும் சரிசெய்துவிட்டார்கள். விடுதி வரி 18% என்றும் மாவட்டம் காஞ்சிபுரம் என்றும்தான் இன்னும் இருக்கிறது. அந்த இரண்டையும் நான் கடிதத்தில் குறிப்பிடவில்லை. இந்த வாரம் மறுபடி எழுதப் போகிறேன்.